ஏழு நாள்னா எத்தனை நாள்? ஒரு ரீஃபண்ட் விதியைத் தமிழில் எழுதிப் பார்த்த கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோட் முடியும்போது, அடுத்து ஒரு ஆன்லைன் கோர்ஸைக் கேன்சல் பண்ணின கதையைச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். கோர்ஸ் நடத்துற நிறுவனத்தோட பேரைச் சொல்லப்போறதில்லை. இந்த மாதிரி விதிகள் நிறைய இடத்துல இருக்கு. அதனால பேர் இல்லாமலே கேளுங்க.

போன சீசன்ல நடந்தது. குத்தாலத்துல சாரல் நல்லா இருந்த நேரம். வியாழக்கிழமை ராத்திரி எழும்பூர்ல பொதிகை ஏறி, வெள்ளிக்கிழமை காலையில தென்காசியில இறங்கினேன். திட்டம் ரொம்ப எளிமையானது. ஐந்தருவியில ஒரு குளியல், சித்தப்பா கடையில ரெண்டு மங்குஸ்தான், ஞாயித்துக்கிழமை திரும்ப ரயில். சித்தப்பா குத்தாலத்துல சீசன் கடை போடுறவர். பழமும் நேந்திரங்காய் சிப்ஸும் விப்பார். வருஷத்துல அந்த ரெண்டரை மாசம்தான் அவருக்குக் கையில காசு புழங்கும்.

கடையில போய் உக்காந்ததுமே ஒரு போனை நீட்டினார். "எய்யா, இதுல என்ன எழுதிருக்குன்னு தமிழ்ல எழுதிக் கொடு. நான் படிச்சிட்டுச் சொல்லுதேன்."

விஷயம் இதுதான். அவர் பொண்ணு, அதாவது என் தங்கச்சி, பி.எஸ்ஸி. முடிச்சவ. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஸோஹோ 2011-லேயே அலுவலகம் தொறந்தாங்க. அதனால அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐ.டி. வேலைன்னா சென்னையோ பெங்களூரோ இல்லை, தினமும் கண்ணு முன்னாடி போற பஸ். தங்கச்சிக்கும் அந்த ஆசை. டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸ் ஒண்ணுல முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சேர்ந்துட்டா. ரெண்டு சீட்தான் மிச்சம்னு போன்ல ஒருத்தர் சொல்லியிருக்கார். வீடியோவுல பாடம் நடத்துற கோர்ஸுக்கு சீட் எப்படித் தீரும்னு அவளும் கேக்கலை. இல்லாத அவசரத்தை உண்டாக்கி விக்கிறதை, 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' பட்டியல்ல முதல் ஆளா சேர்த்திருக்காங்க. ஆனா அந்த நேரத்துல யாருக்கு அது ஞாபகம் வரும்?

மொத்தக் கட்டணம் 35,400 ரூபாய். அதுல பதிவுக் கட்டணம் 5,900, உடனே ஜிபேயில போயிடுச்சு. மிச்சம் 29,500-ஐ மாசம் 2,950 வீதம் பத்து மாசம் கட்டலாம், வட்டி இல்லைன்னு சொன்னாங்க. இந்த 'மாசம் மாசம் கட்டலாம்'ங்கிறது கடைக்காரர்கிட்ட தவணை சொல்ற மாதிரி இல்லை. அது ஒரு நிதி நிறுவனம் தர்ற கடன். தங்கச்சிக்கு வருமானம் இல்லாததால கடன் சித்தப்பா பேர்ல. செவ்வாய்க்கிழமை வந்த ஓடிபி-யை அவர்தான் படிச்சுச் சொல்லியிருக்கார். அவ்வளவுதான் கையெழுத்து.

சித்தப்பா எட்டாவது வரை படிச்சவர். தினமும் பேப்பர் ஒரு வரி விடாம வாசிப்பார். இங்கிலீஷ் மட்டும் ஓடாது. பத்து மாசக் கடன் தன் பேர்ல இருக்குன்னு ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் வந்ததும் அவருக்குத் தூக்கம் போயிடுச்சு. ஏழு நாளுக்குள்ள வேண்டாம்னு சொன்னா பணம் திரும்ப வரும்னு தங்கச்சி சொல்லியிருக்கா. ஞாயிறுல சேர்ந்தா, ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்குல்ல? அதுக்குள்ள படிச்சு முடிவெடுக்கலாம்னு நிதானமா இருந்தாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். சரி, அருவிக்குப் போறதுக்கு முன்னாடி அரை மணி நேரத்துல எழுதிடலாம்னு ஒரு கோடு போட்ட நோட்டுல உக்காந்தேன்.

முதல்ல எழுதினது இது: 'சேர்ந்த ஏழு நாட்களுக்குள் கேட்டுக்கொண்டால் பணம் திரும்பக் கிடைக்கும்.' அழகா, சின்னதா இருந்தது. சித்தப்பா வாங்கிப் படிச்சார். கண்ணாடியை இறக்கிட்டுக் கேட்டார்: "யாருக்குக் கிடைக்கும்?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. உங்களுக்குத்தான்னு சொன்னேன். "அதுல அப்படி எழுதிருக்கா?" திரும்பப் போய்ப் பாத்தேன். எழுதலை. பணம் எந்த வழியா வந்ததோ அந்த வழியாவே போகும்னு எழுதியிருந்தது. வந்த வழி எது? அந்த 29,500-ஐ சித்தப்பா கட்டலை. நிதி நிறுவனம் நேரா கோர்ஸ் நிறுவனத்துக்குக் கட்டியிருக்கு. அப்போ ரீஃபண்ட் நிதி நிறுவனத்துக்குத்தான் போகும். அது போய்ச் சேர்ந்து கடன் கணக்கு மூடுற வரைக்கும் மாசத் தவணையை இவர்தான் கட்டணும். அதையும் கீழே ஒரு வரியில சொல்லியிருந்தாங்க. கடன் வாங்கினப்போ பிடிச்ச செயல்பாட்டுக் கட்டணம் 590 ரூபாய் திரும்பாது. பதிவுக் கட்டணம் 5,900-உம் திரும்பாது.

இங்கிலீஷ்ல 'ரீஃபண்ட் வில் பி பிராசஸ்டு'ன்னு எழுதினா, யார், யாருக்கு, எப்போன்னு ஒண்ணுமே சொல்லாம வாக்கியம் முடிஞ்சிடும். தமிழ்ல அதை 'திரும்பத் தரப்படும்'னு எழுதிட்டுத் தப்பிச்சுக்கலாம். நானும் தப்பிச்சேன். ஆனா 'பிராசஸ்டு'ன்னா தர்றது இல்லை. தர்ற வேலையை ஆரம்பிக்கிறது. அதனால அடிச்சிட்டு எழுதினேன்: 'நிறுவனம் 14 வேலை நாட்களுக்குள், கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்குப் பணத்தை அனுப்பும் வேலையைத் தொடங்கும்.' நீளமா இருக்கு, அழகா இல்லை. ஆனா சித்தப்பா அதைப் படிச்சிட்டு, "இப்பம் புரியுது"ன்னார்.

அதுக்கப்புறம் நான் அரை மணி நேரக் கணக்கை விட்டுட்டேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். இந்த மாதிரி விதிகள்ல சில சொற்கள் பெரிய எழுத்துல ஆரம்பிக்கும். வாக்கியத்துக்கு நடுவுல இருந்தாலும் பெரிய எழுத்து. நாம அதை ஸ்டைல்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவோம். அது ஸ்டைல் இல்லை. 'இந்தச் சொல்லுக்கு நாங்க வேற எங்கேயோ தனியா அர்த்தம் சொல்லியிருக்கோம், அங்க போய்ப் பாரு'ங்கிற அடையாளம். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. மொழிபெயர்க்கும்போது அந்த அடையாளம் அப்படியே தொலைஞ்சு போகும். நான் சித்தப்பா கடையில விலை எழுதுற சிவப்பு பேனாவை எடுத்து, அந்தச் சொற்களுக்கு அடியில எல்லாம் கோடு போட்டேன். ஏழு சொல் வந்தது. எல்லாத்தையும் சொல்லலை, மூணு மட்டும் சொல்றேன். ஏன்னா அந்த மூணுதான் எங்க நாளைப் புரட்டிப் போட்டது.

முதல் சொல், 'சேர்ந்த நாள்'. நமக்கு சேர்ந்த நாள்னா வகுப்பு ஆரம்பிச்ச நாள். அவங்க அர்த்தம், பதிவுக் கட்டணம் வந்த நாள். அதாவது போன ஞாயிறு. தங்கச்சியோட நேரலை வகுப்பு அடுத்த திங்கள்கிழமைதான் ஆரம்பம். இதைக் கொஞ்சம் யோசிங்க. ஏழு நாள் கெடு ஞாயிறோட முடியுது. முதல் வகுப்பு திங்கள். வகுப்பு எப்படி இருக்குன்னு ஒரு நாள்கூடப் பாக்காமலே வேணுமா வேண்டாமான்னு சொல்லியாகணும்.

ரெண்டாவது சொல், 'பார்வையிட்டது'. நான் போட்ட தமிழ் இது. இங்கிலீஷ்ல 'ஆக்சஸ்டு'. விதி என்ன சொல்லுதுன்னா, ஏழு நாள், இல்லைன்னா பாடங்கள்ல பத்து சதவீதத்துக்கு மேல 'ஆக்சஸ்' பண்ணின நேரம், இதுல எது முதல்ல வருதோ அதோட கெடு முடிஞ்சிடும். பார்வையிட்டதுன்னு எழுதினா முழுசாப் பாத்ததுன்னு ஆயிடுது. அவங்க விளக்கத்துல, ஒரு பாடத்தைத் தொறந்தாலே போதும். குறிப்புகளை இறக்கிக்கிட்டாலும் கணக்கு. அதனால 'பார்வையிட்டது'ங்கிறதை அடிச்சிட்டு 'திறந்தது அல்லது இறக்கியது'ன்னு மாத்தினேன்.

மாத்தின உடனே தங்கச்சி முகம் மாறிடுச்சு. முன்கூட்டியே பதிவு பண்ணின பாடங்கள் மொத்தம் 48. அவ மூணு தொறந்திருந்தா. 48-ல மூணுன்னா 6.25 சதவீதம். நாலாவது தொறந்தா 8.3. அஞ்சாவது தொறந்தா 10.4, அதோட கதை முடிஞ்சது. மொத்தக் குறிப்புகளையும் ஒரே கிளிக்ல இறக்குற பட்டனை அவ புதன்கிழமை அமுக்கியிருக்கா. போன்ல இடம் இல்லைன்னு நின்னுடுச்சாம். போட்டோ அழிக்காம வச்சிருக்கிற சோம்பேறித்தனத்துக்கு வாழ்க்கையில ஒரு தடவை பலன் கிடைச்சது அன்னைக்குத்தான்.

மூணாவது சொல், 'வேலை நாள்'. இதை நான் கிட்டத்தட்ட விட்டுட்டேன். கேன்சல் கோரிக்கை பதிவு பண்ணின மின்னஞ்சல்ல இருந்து, அவங்க சொன்ன முகவரிக்குப் போகணும். போன், வாட்ஸப் செல்லாது. இதுவரைக்கும் பரவாயில்லை. அடுத்த வரி: சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயோ, வேலை நாள் அல்லாத நாள்லயோ வர்ற மின்னஞ்சல், அடுத்த வேலை நாள்ல வந்ததா எடுத்துக்கப்படும். வேலை நாள்ங்கிறதுக்கு மேல போய்ப் பாத்தா, திங்கள் முதல் வெள்ளி வரை.

சனிக்கிழமை அனுப்பினா அது திங்கள்ல வந்த மெயில். ஞாயிறு அனுப்பினாலும் திங்கள். திங்கள்னா எட்டாவது நாள்.

அப்போ ஏழு நாள் கெடுவோட நிஜமான முடிவு எது? அன்னைக்கு, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. நான் அதைக் கண்டுபிடிச்சப்போ மணி பதினொண்ணே கால்.

ஒரு அபிப்பிராயம் சொல்லிட்டுப் போறேன். இங்கிலீஷ்ல பணம் திரும்பத் தருவோம்ங்கிறதுதான் வாக்கியத்தோட தலையில வரும். நிபந்தனையெல்லாம் வாலுல தொங்கும். தலையைப் படிச்சதும் நமக்கு மனசு ஆறிடும், வாலைப் படிக்க மாட்டோம். தமிழ்ல வினை கடைசியிலதான் வரும். ஒழுங்கா எழுதினா எல்லா வேலியையும் தாண்டித்தான் 'பணம்' வரைக்கும் போக முடியும். சித்தப்பாவுக்கு நான் கடைசியா எழுதிக் கொடுத்த வாக்கியம் இப்படி இருந்தது: 'பதிவுக் கட்டணம் கட்டிய நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள், ஐந்தாவது பாடத்தைத் திறக்காமலும் குறிப்புகளை இறக்காமலும் இருந்து, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து, வெள்ளி மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேரும்படி எழுதினால், 29,500 ரூபாய் நிதி நிறுவனத்துக்குத் திரும்பும்.' விதியில இருந்த பொதுவான வார்த்தையை எடுத்துட்டு, அவரோட தேதி, அவரோட எண்ணிக்கை எல்லாத்தையும் போட்டேன். சுத்தமான மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஒத்துக்க மாட்டாங்க. ஆனா முடிவெடுக்கப் போற ஆளுக்கு இதுதான் உபயோகம்.

இன்னொரு வார்த்தையும் வம்பு பண்ணிச்சு. இந்த நிபந்தனைகள்ல அடங்காதவங்களுக்கு நிறுவனம் தன் விருப்பப்படி ரீஃபண்ட் 'மே' கொடுக்கும்னு ஒரு வரி. 'தரலாம்'னு எழுதினேன். சித்தப்பா, "தரலாம்னா தருவான்லா?"ன்னார். அவர் காதுக்கு அது சம்மதமாக் கேக்குது. 'தந்தாலும் தரலாம், தராமலும் இருக்கலாம், நாம கேக்க முடியாது'ன்னு மாத்தினேன். அதுக்கப்புறம் அந்த வரியை நம்பி யாரும் பேசலை.

சரி, சட்டம் எதுவும் நமக்குத் துணைக்கு வராதான்னு கேப்பீங்க. தங்கச்சியும் கேட்டா. இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தா 30 நாள்ல வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கலாம், அது விதியே இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துல ஆன்லைன்ல வாங்கினதை 14 நாள்ல ரத்து பண்றது பொதுவா சட்ட உரிமை. அங்கேயும் டிஜிட்டல் பாடத்தை உடனே தொறக்கச் சம்மதிச்சு, உரிமை போகும்னு ஒத்துக்கிட்டா அந்த உரிமை போயிடும். நம்ம ஊர்ல ஆன்லைன் கோர்ஸுக்கு 'மனசு மாறிடுச்சு'ங்கிற காரணத்துக்குப் பொதுவான சட்டக் கெடு கிடையாது. விக்கிறவர் எழுதின விதிதான் விதி. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவிக்கு வர்றது வேற இடத்துல. சொன்ன சேவையைத் தரலை, குறை இருக்கு, பணம் தர மாட்டேங்கிறாங்க, ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமா இருக்கு, இந்த மாதிரி நேரத்துல. வகுப்பே ஆரம்பிக்காதப்போ சேவையில குறைன்னு எப்படிச் சொல்றது?

கடன் பக்கம் மட்டும் ஒரு விதி உண்டு. ரிசர்வ் வங்கி 2025 மே மாசம் கொண்டு வந்த டிஜிட்டல் கடன் விதிகள்படி, கடன் வாங்கினவர் அபராதம் இல்லாம விலகிக்க ஒரு கால அவகாசம் தரணும், அது குறைஞ்சது ஒரு நாள். எங்க நிதி நிறுவனம் சரியா அந்த ஒரு நாளைத்தான் கொடுத்திருந்தது. செவ்வாய் கடன், புதன் முடிஞ்சது. அப்படியே நேரம் இருந்திருந்தாலும் அசல் 29,500-ஐ சித்தப்பா கையில இருந்து கட்டித்தான் விலகணும். பணம் கோர்ஸ் நிறுவனத்துகிட்ட இருக்கே.

இதுல எனக்கு வருத்தமான விஷயம் ஒண்ணு. கடனோட முக்கிய விவரத் தாளை, கடன் வாங்கறவருக்குப் புரியற மொழியில தரணும், விளக்கிச் சொல்லணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. சித்தப்பாவுக்கு வந்தது இங்கிலீஷ் பிடிஎஃப். கேட்டிருந்தா தமிழ்ல கொடுத்திருக்கணும். கேக்கலாம்னே அவருக்குத் தெரியாது.

இப்போ மணி பன்னெண்டு. முடிவெடுக்கணும். சித்தப்பா மொத ஆளா கேன்சல்னு சொல்லுவார்னு நினைச்சேன். சொல்லலை. "அவ படிக்கணும்னு ஆசைப்படுதா. நல்ல கோர்ஸ்னா கடன் இருந்துட்டுப் போகட்டும். நல்ல கோர்ஸான்னு எப்படித் தெரியும்?"னு கேட்டார். சரியான கேள்வி. ஆனா கையில இருக்கிறது ஒரே ஒரு பாடம். அஞ்சாவதைத் தொறக்கக் கூடாது.

தங்கச்சி ரொம்ப நல்ல வேலை பண்ணினா. வரிசையா நாலாவது பாடத்தைத் தொறக்காம, பாடப்பட்டியல்ல கீழ போனா. முதல் மூணு பாடம் எல்லா கோர்ஸ்லயும் நல்லாத்தான் இருக்கும், வாசல் கோலம் மாதிரி. முப்பத்தி ஆறாவது பாடம், நிஜ டேட்டாவை வச்சுப் பண்ற புராஜெக்ட்னு போட்டிருந்தது. அதைத் தொறந்தா. இருபத்திரெண்டு நிமிஷம். கடைக்குப் பின்னாடி பலாப்பழ வாசத்துல மூணு பேரும் ஒரு இயர்போனைப் பகிர்ந்துக்கிட்டுப் பாத்தோம், சித்தப்பாவுக்கு ஒரு காது கொடுத்து.

ஸ்லைடை வாசிச்சார். அவ்வளவுதான். ஒரு குவெரிகூட ஓட்டிக் காட்டலை. எஸ்க்யூஎல்-ல ரெண்டு டேபிளைச் சேர்க்கிற இடத்துல பிழை வந்தா என்ன பண்ணணும்னு சொல்லலை. தங்கச்சி, "அண்ணே, இது யூடியூப்ல இதைவிட நல்லா இருக்கு"ன்னா. ஸ்வயம் தளத்துல டேட்டா பத்தின பாடங்களைக் காசில்லாம பாக்கலாம், தேர்வுச் சான்றிதழுக்குத்தான் கட்டணம். அதையும் அவ ஏற்கெனவே ஒண்ணு பாத்துட்டுப் பாதியில விட்டிருக்கா. "தனியாப் படிச்சா விட்டுருதேன், அதனாலதான் லைவ் கிளாஸ்னு சேந்தேன்"னா. அது நியாயம். அப்போ 29,500 எதுக்கு? வீடியோவுக்கு இல்லை. நேரலை வகுப்புக்கும், பிடிச்சு உக்கார வைக்கிற ஆளுக்கும். அது எப்படி இருக்கும்னுதான் திங்கள் வரைக்கும் தெரியாதே.

சேத்துவிட்ட அந்த ஆலோசகருக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டோம். ரெண்டு கேள்வி. ஒரு வகுப்புல எத்தனை பேர்? கொஞ்சம் இழுத்துட்டு, "முன்னூறு வரைக்கும் இருப்பாங்க சார்"னார். மொத வகுப்பைப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா ரீஃபண்ட் உண்டா? "கண்டிப்பா சார், வகுப்பு ஆரம்பிச்சு ஏழு நாள் வரைக்கும் தருவோம், கவலையே படாதீங்க." அப்படியா, அதை நிறுவனத்து மெயில்ல ஒரு வரி எழுதி அனுப்புங்களேன். "அனுப்பிடறேன் சார்."

நல்ல பையன்தான், குரல்ல பொய் இல்லை. அவருக்கே விதி தெரியாம இருந்திருக்கலாம். ஆனா அவர் வாயில சொன்னது விதியில இல்லை. இந்த விதிகளுக்கு மாறா ஊழியர் யாரும் வாய்மொழியா சொன்னது செல்லாதுன்னு கடைசிப் பக்கத்துல தனியா ஒரு வரியும் இருந்தது. அதனால கெடு வச்சோம். மெயில் அஞ்சு மணிக்குள்ள வந்தா திங்கள் வரைக்கும் பொறுக்கலாம். வரலைன்னா கேன்சல்.

மெயில் டைப் பண்ணித் தயாரா வச்சோம். சித்தப்பா வியாபாரத்தைப் பாத்தார், மழை பெஞ்சா கூட்டம் கூடும். தங்கச்சி ஒரு விஷயத்துலயே சுத்தி வந்தா. "5,900 சும்மாப் போகுமே அண்ணே." சித்தப்பா ரம்புட்டான் கூடையைத் தள்ளி வச்சுக்கிட்டே சொன்னார்: "அது ஞாயித்துக்கெழமையே போச்சு, தாயி. இப்பம் இருந்தாலும் வராது, போனாலும் வராது. மிச்ச இருபத்தொம்பதைப் பேசு."

நாலே முக்காலுக்கு ஆலோசகர்கிட்ட இருந்து வாட்ஸப் வந்தது. மெயில் இல்லை. 'டோன்ட் வரி சார்', ஒரு கட்டைவிரல். அஞ்சு மணி ஆச்சு. தங்கச்சிதான் அனுப்பு பட்டனை அமுக்கினா. அஞ்சு மணி நாலு நிமிஷம்.

மெயில்ல காரணம் எதுவும் எழுதலை. விதி காரணம் கேக்கலை, காரணம் சொன்னா அதைச் சரி பண்றேன்னு பேச்சு நீளும். பதிவு எண், பணம் கட்டின தேதி, கடன் எண், 'இந்த விதியின்படி ரத்து செய்து முழுக் கோர்ஸ் கட்டணத்தையும் நிதி நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்'னு ஒரு வரி. கூடவே ரெண்டு ஸ்கிரீன்ஷாட். ஒண்ணு, 8 சதவீதம்னு காட்டுற முன்னேற்றப் பட்டை. இன்னொண்ணு, அன்னைக்குத் தேதியில அந்த விதிப் பக்கம் முழுசும். ஏன்னா வலைப்பக்கத்துல இருக்கிற விதி நாளைக்கு மாறலாம். நிதி நிறுவனத்துக்கும் அதே மெயிலோட நகல் போச்சு. அனுப்பினதும் தங்கச்சி கோர்ஸ் ஆப்பை விட்டு வெளியே வந்துட்டா. தெரியாம விரல் பட்டு அஞ்சாவது பாடம் தொறந்துடக் கூடாதுல்ல.

அன்னைக்கு ராத்திரி சித்தப்பா கேட்டார், இவங்க முடியாதுன்னுட்டா பெங்களூர்ல போய்க் கேஸ் நடத்தணுமான்னு. விதியில அப்படித்தான் இருந்தது, பெங்களூரு நீதிமன்றம், அதுக்கும் முன்னாடி நடுவர் தீர்ப்பாயம். ஆனா 2019 சட்டப்படி நுகர்வோர் தான் குடியிருக்கிற இடத்து ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். நடுவர்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதை அது தடுக்காதுன்னு உச்ச நீதிமன்றமே 2018 டிசம்பர்ல, எம்மார் எம்ஜிஎஃப் வழக்குல, சொல்லியாச்சு. அஞ்சு லட்சம் வரைக்குமான புகாருக்குக் கட்டணமும் இல்லை. அதுக்கு முன்னாடி 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, ஒரு போன். இதைச் சொன்னதும்தான் அவர் சாப்பிட உக்காந்தார்.

கேஸ் அளவுக்குப் போகலை. திங்கள்கிழமை, வெள்ளி மாலை 5.04-க்கு வந்த கோரிக்கைன்னு பதில் வந்தது. அதுக்கப்புறம் மூணு போன், பாதி விலைக்குத் தர்றோம்னு. தங்கச்சி ஒவ்வொருத்தர்கிட்டயும் மெயில்ல அனுப்புங்கன்னு மட்டும் சொன்னா.

பணம் பதிமூணாவது வேலை நாள்லதான் நிதி நிறுவனத்துக்குப் போச்சு. நடுவுல அஞ்சாம் தேதி வந்து முதல் தவணை 2,950 பிடிச்சாங்க. இந்த இடத்துல பலபேர் 'கேன்சல் பண்ணியாச்சே, எதுக்குக் கட்டணும்'னு கணக்கைக் காலியா வச்சிடுவாங்க. தவணை திரும்பினா வங்கியும் பிடிக்கும், நிதி நிறுவனமும் அபராதம் போடும், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். கோர்ஸ் வேற ஒப்பந்தம், கடன் வேற ஒப்பந்தம். சித்தப்பா சீசன் காசுல எடுத்துக் கணக்குல போட்டு வச்சிருந்தார். அந்த 2,950 ரெண்டு மெயில் போட்டப்புறம் திரும்ப வந்தது. கடன் முடிஞ்சதுங்கிற கடிதத்துக்கு இன்னொரு ரெண்டு வாரம். அது வந்ததும் தானா பணம் எடுக்கிற அனுமதி ரத்தாயிடுச்சான்னு வங்கியிலயும் ஒரு தடவை பாத்துட்டாங்க.

மொத்தமாப் போனது 6,490 ரூபாய். தங்கச்சி இப்போ தென்காசியிலேயே, பதினஞ்சு பேர் படிக்கிற ஒரு சென்டர்ல சாயங்காலம் போறா. சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா உக்காந்து பாத்துட்டுத்தான் காசு கட்டினா. அங்க ரசீதுக்குப் பின்னாடி ரீஃபண்ட் கிடையாதுன்னு ஒரே வரி, தமிழ்ல. எனக்கு மொழிபெயர்க்க வேலை இல்லை.

ஐந்தருவிக்கு சனிக்கிழமை காலையில போனேன். தண்ணி நல்லா விழுந்தது. அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.